பிரின்டர் பராமரிப்புக்குக் கூறுவிலை கேட்ட கடிதம்: மூன்றாம் ஆண்டு அனுபவம்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி, அதிலிருந்தும் கிறவல் ஒழுங்கையில் உள்ளே போனால் எங்கள் பாடசாலை. சின்னப் பாடசாலை. இரண்டு லேசர் பிரின்டரும் மைத்தொட்டி வைத்த ஒரு கலர் பிரின்டரும் இருக்கின்றன. இவற்றின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கூறுவிலை கேட்டு எழுதிய கடிதத்தை இது மூன்றாவது ஆண்டாக அங்கங்கே திருத்தி அனுப்புகிறோம். அந்தக் கடிதம் எங்களுக்கு எவ்வளவு பயன்பட்டது, எந்த இடத்தில் பிசகியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு அலுவலகத்தில் இருந்த மாதிரிக் கடிதம் ஒரே வரி: “எமது பாடசாலையின் அச்சுப்பொறிகளைப் பராமரிப்பதற்கான கூறுவிலையைத் தந்துதவவும்.” அதற்கு வந்த விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. ஒருவர் கூலியை மட்டும் போட்டிருப்பார், இன்னொருவர் உதிரிப்பாகத்தையும் சேர்த்திருப்பார். வவுனியாவிலிருந்து வந்துபோகும் செலவைப் பலர் சொல்லவே மாட்டார்கள், அது பிறகு பில்லில் வரும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று கூறுவிலைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, குறைந்ததை எடுப்போம் என்றுதான் முடிவாகும். குறைந்த விலை எதை விட்டுவிட்டதால் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

புதிய கடிதத்தில் அதிகம் உதவியது இயந்திர விபர அட்டவணை. மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், வாங்கிய ஆண்டு, இதுவரை அச்சடித்த மொத்தப் பக்கம், இப்போதுள்ள கோளாறு என்று ஐந்தே நிரல்கள். பக்க எண்ணிக்கையை எடுப்பது லேசு. எங்களிடம் உள்ள எச்பி P1102 லேசரில் பச்சை விளக்கு எரியும்போது பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் விபரத் தாள் ஒன்று வரும், எண்ணிக்கை அதில் இருக்கும். கார் வாங்குகிறவர் முதலில் மீற்றரைப் பார்ப்பதுபோல், திருத்துகிறவர் முதலில் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். அது தெரியாவிட்டால் ஆகக் கெட்டதை நினைத்துக்கொண்டு விலையைக் கூட்டிப் போடுவார்.

அட்டவணைக்குக் கீழே வேலை எப்போது கூடும் என்பதையும் எழுதினோம். தரம் 6 முதல் 9 வரை ஏறத்தாழ 120 பிள்ளைகள். எட்டுப் பாடம், வினாத்தாள் நாலு பக்கம் என்று வைத்தாலே ஒரு தவணைப் பரீட்சைக்கு 3,840 பக்கம். P1102 இல் போடும் 85ஏ காட்ரிஜ், பக்கத்தில் 5 வீதம் மை படும் கணக்கில் 1,600 பக்கம்தான் வரும். ஆகவே ஒரு பரீட்சைக்கே மூன்று காட்ரிஜ் வேண்டும், அதுவும் சில கிழமைக்குள். இதைக் காட்டித்தான் “பராமரிப்பு வருகை ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கும் மூன்று கிழமைக்கு முன் அமைய வேண்டும்” என்று கேட்டோம். மற்றபடி வருடத்துக்கு மூன்று தரம் வருவோம் என்று சொல்பவர்கள், தங்களுக்கு வசதியான நாளில், பாடசாலை விடுமுறையிலும் வந்து நிற்பார்கள்.

கேட்ட விலை இரண்டு வகை: உதிரிப்பாகம் உட்பட ஒன்று, கூலி மட்டும் ஒன்று. இரண்டிலும் போக்குவரத்து சேர்ந்திருக்க வேண்டும், வற் வரி இருந்தால் தனியாகக் காட்ட வேண்டும். பழைய இயந்திரங்களுக்கு முதல் வகை விலை எக்கச்சக்கமாக வந்தது. நாங்கள் எடுத்தது கூலி மட்டும். ஆனால் அடிக்கடி பழுதாகும் பாகங்களான பேப்பர் இழுக்கும் ரோலர், தாள்களைப் பிரிக்கும் பட்டை, டோனரைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கும் பியூசர் பிலிம், பவர் போர்ட் ஆகியவற்றின் விலையை ஒப்பந்த ஆண்டு முழுக்க மாற்றக்கூடாது என்று நிபந்தனை வைத்தோம். சின்னப் பாடசாலைக்கு இதுதான் தோது என்பது என் கருத்து. ரோலரும் பட்டையும் பெரிய விலை இல்லை. ஆனால் எங்கள் கிறவல் தூசிக்கு அவைதான் முதலில் போகும், தாள் வழுக்கும் அல்லது இரண்டு மூன்றாக இழுபடும்.

இனி பிசகிய இடங்கள். கடிதத்தில் “முறைப்பாடு கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் பதிலளிக்க வேண்டும்” என்று இருந்தது. முதல் ஆண்டில் ஒப்பந்தம் எடுத்தவர்கள் போனில் பேசியதையே பதிலளித்ததாகக் கணக்கு வைத்தார்கள். இப்போதைய வாசகம் “பாடசாலைக்கு நேரில் வர வேண்டும், வந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாளில் திருத்த முடியாவிட்டால் மாற்று இயந்திரம் தர வேண்டும்.” மாற்று இயந்திரம் என்றவுடன் ஒரு கடைக்காரர் விலகிக்கொண்டார். நல்லதுதான், அவரால் முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்தது.

அடுத்தது விலக்குகள். ஐப்பசி மழை இடி முழக்கத்தோடுதான் வரும். அப்படி ஒரு நாள் ஒரு லேசரின் பவர் போர்ட் போய்விட்டது. வந்த பொடியன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “சேர், இது இடியில்லை, பல்லி. எண்டாலும் ரெண்டும் ஒப்பந்தத்தில வராது” என்றான். போர்டின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கருகி ஒட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு எதை எல்லாம் ஏற்கமாட்டீர்கள் என்பதைக் கூறுவிலையிலேயே எழுதச் சொல்கிறோம்: இடி, குறைந்த வோல்ட்டேஜ், பல்லி எறும்பு, மீள்நிரப்பிய டோனர். நாங்கள் மீள்நிரப்பியதைத்தான் பாவிக்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டோம். மறைத்தால் பிறகு எல்லாக் கோளாறுக்கும் அதையே காரணம் சொல்வார்கள்.

டோனர் பற்றி ஒன்று. மூன்று ஆண்டிலும் அதிகம் வந்த முறைப்பாடு, தாளில் கரும்புள்ளி விழுவது. அழைக்கும் முன் அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். இந்த இயந்திரத்தில் ஒரே புள்ளி ஏறத்தாழ 75 மில்லிமீற்றருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால், அது காட்ரிஜுக்குள் இருக்கும் ட்ரம் என்ற உருளையின் ஒரு சுற்று. கீறல் அதில்தான். காட்ரிஜை மாற்றினால் போதும், இயந்திரத்தில் பழுது இல்லை. இடைவெளி வேறாக இருந்தால்தான் ஆளைக் கூப்பிடுவோம். இதைப் பழகிய பிறகு வீண் அழைப்பு நன்றாகக் குறைந்தது.

மைத்தொட்டிப் பிரின்டருக்குத் தனி வரி வேண்டியிருந்தது. விடுமுறையில் சும்மா கிடந்தால் மை காய்ந்து ஹெட் அடைக்கும். ஒவ்வொரு தரம் ஹெட்டைக் கழுவும்போதும் வெளியேறும் மை உள்ளே உள்ள பஞ்சில் ஊறும். எவ்வளவு ஊறியது என்று இயந்திரம் கணக்கு வைக்கும், அந்தக் கணக்கு நிரம்பியதும் வேலையை நிறுத்திவிடும். பஞ்சு உதிரிப்பாகமா, மை போல நுகர்பொருளா என்பதில் மூன்று கடையும் மூன்று மாதிரிச் சொன்னார்கள். இப்போது அதை மாற்றும் விலையையும் பட்டியலில் ஐந்தாவதாகக் கேட்கிறோம்.

பணம் முழுவதையும் முற்பணமாகக் கொடுப்பதில்லை. வருகைக்கு ஒரு பங்கு, அதுவும் அலுவலகப் பதிவுக் கொப்பியில் செய்த வேலையையும் அன்றைய பக்க எண்ணிக்கையையும் எழுதிக் கையொப்பம் வைத்த பிறகு. அடுத்த ஆண்டுக் கடிதத்தின் அட்டவணையும் அந்தக் கொப்பியிலிருந்தே வந்துவிடுகிறது.

இன்னும் தீராத ஒன்று கம்ப்யூட்டர் பக்கம். விண்டோஸ் புதுப்பித்த பிறகு பிரின்டர் காணாமல் போனால், அது தங்கள் வேலை இல்லை என்கிறார்கள். இந்த ஆண்டுக் கடிதத்தில் “பாடசாலையின் இரண்டு கணினிகளில் டிரைவர் நிறுவுதலும் வருகையில் அடங்கும்” என்று சேர்த்து அனுப்பியிருக்கிறோம். இரண்டு கடைக்காரர் சம்மதித்துவிட்டார்கள், மூன்றாமவர் கணினிக்குத் தனி விலை போட்டிருக்கிறார்.