சராசரியா, சதவீதமா, கெடுவா? நோக்க அறிக்கையில் எதை எழுதினால் வாடிக்கையாளரால் சரிபார்க்க முடியும்

"வாடிக்கையாளரை மையமாகக் கொண்டு, உலகத்தரமான சேவையை நேர்மையோடும் புதுமையோடும் வழங்குவதே எங்கள் நோக்கம்."

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தின் நோக்க அறிக்கை இது என்று வைத்துக்கொள்வோம். வாஷிங் மெஷின் நின்றுபோய் எட்டு நாளாகக் காத்திருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "சொன்னபடி நீங்கள் செய்யவில்லை" என்று சொல்ல முடியுமா? முடியாது. எட்டு நாளும் உலகத்தரத்துக்குள் அடங்கும் என்று நிறுவனம் சொல்லிவிட்டால், மறுத்துப் பேச அவர் கையில் எதுவும் இல்லை.

இந்த வாக்கியத்தை மாற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: எளிய சொற்களில் எழுதுவது, தரச்சான்றிதழைக் காட்டுவது, சராசரியையோ சதவீதத்தையோ சொல்வது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு வைப்பது. நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன். வாடிக்கையாளரிடம் இருப்பது ஒரு புகார் எண், குறுஞ்செய்திகள் வந்த நேரம், கடைசியில் ஒரு பில். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று அவரால் சொல்ல முடியுமா?

எளிய சொற்களும் சான்றிதழும்

"உங்கள் மெஷினை விரைவாகவும் சரியாகவும் பழுதுபார்ப்போம்." படிக்க நன்றாக இருக்கிறது. யார் என்ன செய்வார்கள் என்பதாவது இப்போது தெரிகிறது. ஆனால் 'விரைவாக' என்பது எத்தனை நாள்? அது நிறுவனத்தின் மனத்தில்தான் இருக்கிறது. மொழி தெளிந்திருக்கிறது, வாக்குறுதி இன்னும் பிறக்கவில்லை. இதை முதல் படியாக ஏற்கலாம், இதோடு நிறுத்தக்கூடாது.

சான்றிதழ் வேறு மாதிரி ஏமாற்றும். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் உண்மையானதா என்று வாடிக்கையாளரால் விசாரித்து அறிய முடியும். ஆனால் அது சொல்வது, நிறுவனத்தின் தர மேலாண்மை முறை ஒரு நெறிக்கு உட்பட்டு நடக்கிறது என்பதை. உங்கள் மெஷின் நாளைக்குள் ஓடும் என்று அது சொல்வதில்லை. சரிபார்க்க முடிகிறது, ஆனால் சரிபார்க்க வேண்டியது அது இல்லை.

சராசரியும் சதவீதமும்

எண் வந்துவிட்டாலே வாக்குறுதி உறுதியாகிவிட்டது என்று நிறுவனத்துக்குள் எல்லோரும் நம்பிவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த நிறுவனத்துக்கு 20 புகார்கள் வந்தன. 15 வேலைகள் ஒரே நாளில் முடிந்தன. 3 வேலைகளுக்கு 2 நாள் ஆனது. ஒன்றுக்கு 8 நாள், இன்னொன்றுக்கு 11 நாள். மொத்தம் 40 நாள், சராசரி சரியாக 2 நாள். ஆகவே "சராசரியாக 2 நாளில் முடிப்போம்" என்று எழுதினால் அதில் பொய் இல்லை. "90 சதவீத வேலைகளை 2 நாளுக்குள் முடிப்போம்" என்று எழுதினாலும் அதுவும் உண்மை, ஏனென்றால் 20-இல் 18 அப்படித்தான் முடிந்தன.

இப்போது 11 நாள் காத்திருந்தவர் இடத்தில் நின்று பாருங்கள். அவருக்குத் தெரிந்தது அவருடைய ஒரு வேலை மட்டும். மற்ற 19 வேலைகளின் பதிவேடு அவரிடம் இல்லை. நிறுவனத்தின் வாக்கு பொய்த்ததா என்று அவரால் சொல்லவே முடியாது. அதைவிட மோசம், அவருக்கு நேர்ந்தது அந்த வாக்கை மீறவும் இல்லை. சதவீதம் என்பது நிறுவனம் தன்னைத்தானே அளந்துகொள்ள உதவும் கருவி. மேலாளரின் மேசையில் அது இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் அதை வாக்காகக் கொடுத்தால், அவருக்குக் கிடைப்பது எண்ணின் தோற்றம் மட்டும்.

கெடுவும் ஈடும்

"புகார் பதிவான நேரத்திலிருந்து 3 நாளுக்குள் மெஷின் ஓடும். ஓடாவிட்டால் சேவைக் கட்டணம் வாங்க மாட்டோம்."

இதைச் சரிபார்க்கப் புகார் எண் வந்த குறுஞ்செய்தியும் பில்லும் போதும். ஒவ்வொருவரும் தன் வேலைக்குத் தானே தீர்ப்புச் சொல்லலாம். நான் இந்த வழியின் பக்கம்தான். இதற்கு நல்ல பழைய சான்று ஒன்று இருக்கிறது.

1891-இல் இங்கிலாந்தில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற, மூக்கில் வைத்து இழுக்கும் மருந்துச் சாதனத்தை விற்ற நிறுவனம் ஒரு விளம்பரம் கொடுத்தது. இரண்டு வாரம், தினமும் மூன்று முறை, சொன்ன முறைப்படி பயன்படுத்திய பிறகும் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவோம் என்றது. தங்கள் உறுதியைக் காட்ட 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னது. லூயிசா கார்லில் என்ற பெண் வாங்கிப் பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். அது வெறும் விளம்பரப் பேச்சு என்று நிறுவனம் வாதாடியது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்ன பிறகு வெறும் பேச்சு என்று சொல்ல முடியாது என்று கார்லிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

அந்த விளம்பரத்தில் எத்தனை முறை, எத்தனை நாள், என்ன நடந்தால், எவ்வளவு என்ற நான்கும் இருந்தன. கார்லில் தன் வீட்டில் இருந்தபடியே நான்கையும் சரிபார்க்க முடிந்தது. 'மிகச் சிறந்த தடுப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் கேட்டதற்கு எந்தப் பிடிமானமும் இருந்திருக்காது. உங்கள் சட்டத்துறை இந்த வகை வாக்கியத்தைப் பார்த்துத் தயங்கினால், அது வேலை செய்யக்கூடிய வாக்கியம் என்பதற்கு அதுவே அடையாளம்.

கெடுவை எங்கே வைப்பது? நம் 20 வேலைகளில் 2 நாளுக்கும் 8 நாளுக்கும் நடுவே ஒருவர்கூட இல்லை. ஆகவே 3 நாள் வைத்தாலும் 7 நாள் வைத்தாலும் தவறப்போவது அதே இரண்டு வேலைகள்தான். கெடுவை நீட்டி நிறுவனத்துக்கு லாபமில்லை, வாடிக்கையாளருக்குத்தான் நஷ்டம். இரண்டு வேலைகளுக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது, வேலைக்கு வேலை கட்டணம் ஒன்றே என்றால், சேவைக் கட்டண வருவாயில் 10 சதவீதம். இந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டும் ஏன் தாமதமாயின என்று உள்ளே கேள்வி எழும். பெரும்பாலும் காரணம் உதிரிபாகம் கையிருப்பில் இல்லாதது. டெக்னீஷியனை விரட்டி அதைச் சரிசெய்ய முடியாது, எந்தெந்த பாகத்தை எவ்வளவு வாங்கி வைப்பது என்று ஸ்டோரில்தான் முடிவெடுக்க வேண்டும்.

கெடு எப்படிக் கெடும்

இந்த வழிக்கும் ஒரு நோய் உண்டு. வேலையை வேகப்படுத்துவதற்குப் பதில் கடிகாரத்தில் கைவைப்பது எளிது.

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரை 48 மணி நேரத்துக்குள் பார்க்க முடிய வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகள் சில, அதற்கு அப்பாலுள்ள நாட்களுக்கு முன்பதிவு செய்வதையே நிறுத்திவிட்டன. அடுத்த வாரம் வந்தால் போதும் என்று நினைத்த நோயாளியும், அந்த நாள் நெருங்கும்போது மறுபடி தொலைபேசியில் முயல வேண்டியதாயிற்று. 2005 தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளர் ஒருவர் இதை நேராகச் சொன்னபோது, பிரதமர் டோனி பிளேருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. இலக்கு நிறைவேறியது, நோயாளிக்கு அலைச்சல் கூடியது.

பழுதுபார்க்கும் நிறுவனத்தில் இதே நோய் மூன்று விதமாக வரும். புகார் வந்த நேரத்தை விட்டுவிட்டு, டெக்னீஷியனுக்கு வேலை ஒதுக்கிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள். பாகத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தி வைப்பார்கள். மூன்றாவது நாள் மாலை புகாரை மூடிவிட்டு, நான்காவது நாள் புதுப் புகாராகத் திறப்பார்கள். இந்தக் கடைசி வகையை வாடிக்கையாளரே கண்டுபிடிக்கலாம்: மெஷின் ஓடாமலே "முடிந்தது" என்று குறுஞ்செய்தி வரும், புகார் எண் மாறியிருக்கும். மற்ற இரண்டையும் வாக்கியத்துக்குள்ளேயே தடுத்துவிட வேண்டும். கடிகாரம் எப்போது தொடங்கும், எது நடந்தால் நிற்கும், எதற்காகவும் இடையில் நிற்காது என்பதை எழுதிவிடுங்கள். "மெஷின் ஓடுவதாக நீங்கள் உறுதி சொன்ன பிறகே புகார் மூடப்படும்" என்ற ஒரு வரி பாதி வேலையைச் செய்துவிடும்.

ஈடும் வாடிக்கையாளர் கேட்டால்தான் என்று இருக்கக்கூடாது. படிவம் நிரப்பச் சொன்னால் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். பில் போடும்போதே கட்டணம் பூஜ்யமாக வரட்டும்.

நேர்மையும் புதுமையும் என்னாகும்?

எல்லாச் சொல்லுக்கும் கெடு பொருந்தாது. 'நேர்மை'க்கு நாள் கணக்கு வைக்க முடியாது. ஆனால் இந்தத் தொழிலில் நேர்மை எங்கே சந்தேகிக்கப்படுகிறது என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும்: மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கிவிட்டார்களோ என்ற இடத்தில். ஆகவே "கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையிலேயே தருவோம்" என்று எழுதலாம். பாகம் கைக்கு வந்ததா இல்லையா என்று எவரும் சொல்லிவிடலாம். மாற்றியதற்கு அது முழுச் சான்று ஆகாது, வேறெங்கோ கழற்றியதையும் தரலாம். ஆனாலும் 'நேர்மை' என்ற சொல்லைவிட அது பல மடங்கு கனமானது.

'தரம்' என்பதற்கு "அதே பழுது 90 நாளுக்குள் திரும்பினால் மறுபடி கட்டணம் இல்லை" என்று வைக்கலாம். அது அதே பழுதா, வேறு பழுதா என்ற சண்டை நிச்சயம் வரும். பில்லில் பழுதின் பெயரையும் மாற்றிய பாகத்தையும் வெளிப்படையாக எழுதுவோம் என்று சேர்த்தால்தான் அந்த வாக்கு நிற்கும்.

'புதுமை'க்கு இணையாக வாடிக்கையாளர் சரிபார்க்கக்கூடிய எதையும் என்னால் எழுத முடியவில்லை. அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

மீதி இருப்பது இது:

"வீட்டில் நின்றுபோன சாதனத்தை மறுபடி ஓட வைப்பது எங்கள் வேலை. புகார் எண் உங்களுக்கு வந்த நேரத்திலிருந்து 3 நாளுக்குள் அது ஓடும். பாகம் வரவில்லை என்றாலும் இந்தக் கணக்கு நிற்காது. தவறினால் சேவைக் கட்டணம் இல்லை, நீங்கள் கேட்க வேண்டியதும் இல்லை. பழுதின் பெயரைப் பில்லில் எழுதுவோம், கழற்றிய பாகத்தை உங்களிடம் தருவோம். அதே பழுது 90 நாளுக்குள் வந்தால் கட்டணமின்றிச் சரிசெய்வோம்."

முதல் வரி பல ஆண்டு நிற்கும், அதுதான் நோக்கம். மற்ற வரிகளில் உள்ள எண்கள் மாறக்கூடியவை. அவற்றின் கீழே எந்தத் தேதியிலிருந்து நடப்பில் இருக்கின்றன என்று போட்டு, பழைய பதிப்பையும் படிக்கக் கிடைக்கும்படி வையுங்கள். 3 நாள் 5 நாளாக மாறினால் வாடிக்கையாளருக்கு அது தெரிய வேண்டும்.