கன்ட்ரோலர் துண்டிப்பு: பழி ரூட்டர்மேல், வேலை ஹார்ட் டிஸ்க்குடையது

டர்பனில், சாட்ஸ்வர்த் வீட்டில், ஒரு புளூடூத் கேம் கன்ட்ரோலரை 2022-லிருந்து கம்ப்யூட்டரோடு பயன்படுத்துகிறேன். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அடுத்த வருடம் கேம்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். அப்புறம்தான் ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்துபோக ஆரம்பித்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

முதலில் பேட்டரி என்று நினைத்தேன். முழு சார்ஜிலும் அறுந்தது. பிறகு பழி ரூட்டர்மேல் போனது. அது நியாயமான சந்தேகம்தான். வைஃபையும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் ஓடுகின்றன. ஆனால் புளூடூத் 79 சிறு சேனல்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை வரை தாவும். ஒரு வைஃபை சேனல் அதில் இருபது சேனலை அடைத்தால், அவற்றை விட்டுவிட்டு மீதியில் தாவிக்கொள்ளும். அதனால் ரூட்டரின் தொல்லை பெரும்பாலும் பட்டன் தாமதமாகத்தான் தெரியும், முழுத் துண்டிப்பாக அல்ல.

உண்மை ஒரு லோட் ஷெடிங் இரவில் தெரிந்தது. தெருவே இருட்டு. எங்கள் ரூட்டரும் அணைந்திருந்தது, போனில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் ஒன்றிரண்டே. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. அப்போதும் அடுத்த லெவல் லோட் ஆகும்போது கன்ட்ரோலர் அறுந்தது!

லெவல் லோட் ஆவதென்றால் டிஸ்க் வேலை செய்கிறது. புளூடூத் டாங்கிளோ, கேபினட் பின்பக்கம், டிஸ்க்கின் நீல யூஎஸ்பி 3 துளைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. யூஎஸ்பி 3-இன் 5 கிகாபிட் சிக்னல் ஓடும்போது கேபிளிலும் சொருகும் இடத்திலும் இரைச்சல் கசியும். 2012-லேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டது. அந்த இரைச்சல் 2.4 பட்டை முழுவதும் பரவுவதால் தாவிப் போக இடமே இல்லை.

சோதித்தேன். பெரிய கோப்பு ஒன்றை டிஸ்க்கிலிருந்து நகலெடுத்தபடி கன்ட்ரோலரை அழுத்தினேன்: ஒரு நிமிடத்துக்குள் அறுந்தது. அதே டிஸ்க்கைக் கறுப்பு யூஎஸ்பி 2 துளையில் சொருகினேன்: அறுபடவில்லை, ஆனால் நகலெடுப்பு மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது. அதுதான் தீர்வு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

சரி, டிஸ்க் நீலத் துளைக்கே திரும்பியது. டாங்கிளை ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசை முன்புறம், என் கைக்கு நேரே வைத்தேன். கன்ட்ரோலருக்கும் டாங்கிளுக்கும் நடுவில் மேசையோ ஆளோ இல்லாததும் நல்லதுதான். உடம்பும் இந்த அலையை உறிஞ்சும். அன்றிலிருந்து துண்டிப்பு இல்லை. எப்போதாவது தாமதம் மட்டும் இருந்தது. அது உண்மையிலேயே ரூட்டர்தான். 2.4-இன் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் அதுவும் நின்றது.