பிரிவுபசார உரை: சர்வீஸ் பட்டியலா, சிரிப்புக் கதைகளா, ஒரே ஒரு சம்பவமா?

எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவறை எழுத்தர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். 1991-ல் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தவர், 34 வருட சர்வீஸ். பெயர் இங்கே வேண்டாம், தாசில்தார் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். பாராட்டு விழாவில் ஊழியர்கள் சார்பில் பேசப்போகும் தம்பி எட்டுப் பக்கத்துக்கு உரை எழுதிவந்து, கொஞ்சம் திருத்திக் கொடுங்கண்ணே என்றார். படித்துப் பார்த்தால் ஒரே உரைக்குள் மூன்று உரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. மூன்றையும் பிரித்துத் தனித்தனித் தாளில் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதல் தாளில் சர்வீஸ் பட்டியல். எந்த வருடம் சேர்ந்தார், எங்கே மாறுதலில் போனார், எப்போது பதவி உயர்வு, நடுநடுவே கடமை உணர்வு, நேர்மை, எளிமை. இந்த வகை உரையை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. யார் மனமும் புண்படாது, தப்பாக எதுவும் வாயில் வந்துவிடாது. தாசில்தார் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அவர் பேச இதுதான் சரி. நேற்று வந்தவர் நெடுநாள் பழகியவர் போல உருகினால் அதுதான் பார்க்கச் சகிக்காது.

ஆனால் ஊழியர் சார்பில் பேசுகிறவருக்கு இது ஆகாது. வருடக் கணக்கெல்லாம் பிரேம் போட்ட வாழ்த்து மடலில் அச்சாகியிருக்கும். வரவேற்புரையில் ஒருமுறை, தாசில்தார் பேச்சில் ஒருமுறை வந்துவிடும். மூன்றாவது ஆளாகத் தம்பி மைக்கைப் பிடிக்கும்போது கூட்டமே அதை ஒப்பிக்கும். நேர்மையும் எளிமையும் போன மாதம் ஓய்வு பெற்ற ஜீப் டிரைவருக்கும் இதே வரிசையில் வாசிக்கப்பட்டவை.

அந்தப் பட்டியலில் இன்னொரு முள்ளும் இருந்தது. 'சாதாரண பியூனாகச் சேர்ந்து, இன்று இந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறார்' என்று ஒரு வரி. தம்பி பாசத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கப்போகும் ஐந்து அலுவலக உதவியாளர்கள் அதை எப்படிக் கேட்பார்கள்? அக்காவின் மருமகனுக்கு அது எப்படி இருக்கும்? '1991-ல் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தார், பதிவறை எழுத்தராக ஓய்வு பெறுகிறார்' என்று மாற்றினோம். உயர்ந்தாரா இல்லையா என்பதைக் கேட்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது தாள் சிரிப்புக் கதைகள். டீ நேரத்தில் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவைதான். அக்கா கொண்டுவரும் எலுமிச்சை சாதத்துக்கு நடந்த சண்டை, ஒரு துணை வட்டாட்சியர் கேட்டும் பதிவறைச் சாவியைக் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனது, 'அக்கா வாயைத் திறந்தா ரேக்கே நடுங்கும்' என்பது. கைதட்டல் வாங்க இதைவிட எளிய வழி கிடையாது. மூன்று தாள்களில் கூட்டம் அதிகம் ரசிக்கக்கூடியது இதுதான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அன்றைக்கு முன்வரிசையில் உட்காரப்போவது டீக்கடைக் கூட்டம் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர், பிள்ளைகள், சம்பந்தி வீட்டார். பலர் அவருடைய அலுவலகத்துக்குள் முதன்முதலாகக் கால் வைக்கிறவர்கள். அவர்கள் முன்னால் வாயாடி என்ற பெயரோடு அவரை அனுப்பிவைக்கக் கூடாது. மாலையும் பொன்னாடையுமாக மேடையில் இருப்பவரால் பதிலுக்குப் பதில் பேசவும் முடியாது. சிரித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தாளில் ஒரு கதையை நான் கேட்காமலே அடித்தேன். தம்பியின் உறவினர் ஒருவருக்கு அவசரமாக நகல் தேவைப்பட்டபோது, விண்ணப்பம்கூட வாங்காமல் அக்கா எடுத்துக் கொடுத்தாராம். உதவி செய்யும் மனசு என்று காட்டத்தான் எழுதியிருக்கிறார். மேடையில் கோட்டாட்சியர் உட்கார்ந்திருப்பார். கடைசி நாள் பிற்பகல் வரை அக்கா பணியில் இருக்கிறவர்; தணிக்கைத் தடை எதுவும் இல்லை, நிலுவை எதுவும் இல்லை என்று சான்று வாங்க வேண்டிய நேரம். அந்த மேடையில் விதிமீறலை மைக் வைத்து அறிவிப்பது பாராட்டு ஆகாது. அரசு அலுவலகப் பிரிவுபசார உரைகளில் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது. 'நமக்காக ரூல்ஸைக்கூடப் பார்க்க மாட்டார்' என்று மனம் நெகிழ்ந்து சொல்வார்கள். மேடையில் இருப்பவர் முகம் மாறுவது சொல்பவருக்குத் தெரியாது.

மூன்றாவது தாள், ஒரே ஒரு சம்பவம். அதற்கு இரண்டு போட்டியாளர்கள். ஒன்று 2015 மழை. தண்ணீர் பதிவறைக்குள் ஏறிய இரவில் கீழ்த்தட்டு ஆவணக் கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றியது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த இரவில் தோள் கொடுத்தவர்கள் பலர். அக்காவுக்கு மட்டும் மாலை போட்டால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல். எல்லார் பெயரையும் சொன்னால் மறுபடி பட்டியல். தள்ளிவைத்தோம்.

இன்னொன்று ஒரு பெரியவர் கதை. தம்பி எழுதியிருந்த வடிவம் இப்படி ஆரம்பித்தது:

'எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் அப்பத்தான் புதுசா வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளியில நல்ல வெயில். எனக்கோ ஒண்ணும் புரியாத நேரம். ஒரு பெரியவர் உள்ள வந்தார். பார்த்தாலே பாவமா இருந்துச்சு...'

இதே வேகத்தில் ஒன்றரைப் பக்கம். அக்கா கதைக்குள் வருவதே இரண்டாவது பத்தியில்தான். அதுவரை தம்பியின் ஞாபகமும் தம்பியின் வெயிலும்தான். முடிவிலோ, 'இதுதாங்க மனிதநேயம், இதுதாங்க அர்ப்பணிப்பு' என்று நாலு வரி விளக்கம்.

சரி, சுருக்கமாக எழுதிப் பாருங்கள் என்றதும் அடுத்த எல்லைக்குப் போய்விட்டார். யு.டி.ஆர் என்பது 1980-களில் நடந்த நில ஆவணப் புதுப்பிப்பு; அதை வைத்து அவர் எழுதியது: 'யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டை ஒரு பெரியவருக்குத் தேடி எடுத்துக் கொடுத்தவர் நம் அக்கா.' இது அலுவலகக் குறிப்பு. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பலாம். மேடையில் சொல்ல முடியாது. ஆளும் இல்லை, குரலும் இல்லை.

நடுவில் நின்ற வடிவம் இது:

'கையில் பட்டாவோடு ஒரு பெரியவர் வந்தார். யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டில் தன் அப்பா பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய புல எண் அவருக்குத் தெரியாது. மூன்று மேசைகளில் கேட்டுவிட்டுத்தான் பதிவறைக்கு வந்திருந்தார். அக்கா முதலில் அவரை உட்காரச் சொன்னார். புது எண்ணை வைத்துப் பழைய எண்ணைக் கண்டுபிடித்தார். ஜன்னலோர ரேக்கிலிருந்து கட்டை இறக்கிப் பிரித்து, பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "உங்க அப்பா பேரு இதுல இருக்குங்கய்யா, நீங்களே படிங்க" என்றார்.'

மேடையில் நிதானமாகச் சொன்னால் முக்கால் நிமிடம். யு.டி.ஆரின்போது பல ஊர்களில் புல எண்கள் மாறியதும், பழைய எண்ணைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்பதும் வருவாய்த் துறைக் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கு அந்த விவரம் புரியாவிட்டாலும் 'நீங்களே படிங்க' புரியும். கவனித்தால், இதில் அக்காவைப் பற்றி ஒரு பாராட்டுச் சொல்லும் கிடையாது. முதலில் உட்காரச் சொன்னதும், தானே படித்துச் சொல்லாமல் மகனைப் படிக்கவிட்டதும் போதும். அவர் சொன்ன வரியோடு நிறுத்திவிட வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு விளக்க வரியும் அதைக் கீழே இழுக்கும்.

தம்பி முதலில் 'பரணிலிருந்து' என்று எழுதியிருந்தார். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் அக்காவிடமே கேட்டோம். 'பரணா? அந்தக் கட்டு ஜன்னலோர ரேக்குடா' என்றார். மேடையில் பரண் என்று சொல்லியிருந்தால், வேறு யாருக்கும் தெரியாது, அவருக்கு மட்டும் உறுத்தியிருக்கும்.

தீர்ப்பு மூன்றாவது தாளுக்குத்தான். ஆனால் மற்ற இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வரி கடன் வாங்கினோம். முதல் தாளிலிருந்து சேர்ந்த வருடமும் பதவியும். இரண்டாவதிலிருந்து ஒரு சிரிப்பு, அதுவும் கேலி எங்கள் மேல் விழும்படி: 'கட்டை எடுத்த இடத்தில் வைக்காதவர்கள் அக்காவிடம் வாங்கியிருப்பார்கள். நான் நிறையவே வாங்கியிருக்கிறேன்.' கண்டிப்பானவர் என்ற சேதி போய்ச் சேர்கிறது, அவர் தலை குனியவில்லை.

விளிப்பதிலும் ஒரு ஏற்பாடு செய்தோம். தொடக்கத்தில் முழுப்பெயரும் 'திருமதி', 'அவர்கள்' எல்லாமும். சம்பவத்துக்குள் நுழையும்போதுதான் 'அக்கா'. முதல் வரியிலேயே அக்கா என்றால் கோட்டாட்சியர் முன்னால் பதவி கரைந்துபோகிறது; கடைசி வரை 'அவர்கள்' என்றால் கூடவே வேலை பார்த்தவர் பேசுவதுபோல் இல்லை. மேடையில் இருக்கும் ஏழு பேரையும் தனித்தனியே 'அவர்களே' போட்டு அழைப்பதை வரவேற்புரைக்காரருக்கே விட்டுவிட்டோம். அதிலேயே ஒரு நிமிடம் மிச்சம்.

முடிப்புக்கு 'இனியாவது ஓய்வெடுங்கள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுங்கள்' என்று இருந்தது. 34 வருடம் உழைத்தவருக்கு இனி வேலை இல்லை என்று நினைவூட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. 'அடிக்கடி ஆபீஸ் பக்கம் வாங்க' என்பதோ யாரும் மெனக்கெட்டு நம்பாத உபசாரம். அதற்குப் பதில்: 'எந்தக் கட்டு எந்த ரேக்கில் என்று அக்கா எழுதிவைத்த நோட்டு பதிவறை மேசையில் இருக்கிறது. நாளையிலிருந்து அதைப் பார்த்துத்தான் எடுக்கப்போகிறோம். அக்காவும் மாமாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். வணக்கம்.'

மொத்தம் நாலு நிமிடத்துக்குள் அடங்குகிறது. அதற்கு மேல் போனால், பொன்னாடை வரிசை முடிந்து அக்கா ஏற்புரைக்கு எழும்போது பந்திக்கு இலை போட்டிருப்பார்கள்.

ஓய்வு பெறும் நாள் மே 31 என்றால் கதை வேறு. பள்ளிச் சேர்க்கைக்காக மே, ஜூனில் பிறந்த தேதி எழுதப்பட்ட தலைமுறை இது. ஒரே மேடையில் மூன்று நான்கு பேருக்குச் சேர்த்து விழா நடக்கும். அப்போது சம்பவத்தையும் முடிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். ஓய்வு பெறுகிறவரோடு அலுவலகத்துக்கு ஒத்துப்போகவே இல்லை என்றால் முதல் தாளே மேல். வராத பாசத்தை வரவழைத்தால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

அடித்த கதைகளை என்ன செய்வது என்று தம்பி கேட்டார். விழா முடிந்து அக்காவை வீட்டில் விட வேனில் எல்லோரும் போவோம். எலுமிச்சை சாதமும் சாவியும் அங்கே வரட்டும், அங்கே அக்கா பதிலுக்குக் கொடுப்பார். விண்ணப்பம் இல்லாத நகல் கதையை மட்டும் வேனிலும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வண்டி ஓட்டப்போவது கோட்டாட்சியர் அலுவலக டிரைவர்.