முடிந்தது, நடக்கிறது, நடக்கும்: மாத அறிக்கையில் காலத்தை எப்படி ஓட்டுவது?

கண்மாய் சீரமைப்பு வேலைக்கு மாதாமாதம் பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்து ரொம்ப நாளாகிறது. ஒருமுறை "கரையில் 500 பனை விதைகள் நடவுள்ளோம்" என்று எழுதியிருந்தேன். நன்கொடையாளர் ஒருவர் அதை "நட்டுள்ளோம்" என்று படித்துவிட்டு, ஊருக்கு வந்தபோது கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே நட்டீர்கள் என்று கேட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வேலை முடிந்துவிட்டது, இன்னொன்றில் தொடங்கவே இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமோ நடுவில் இரண்டெழுத்து.

அதற்கப்புறம் மூன்று வழிகளில் எழுதிப் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 30 நிலவரம் இது: 1200 மீட்டர் கரையில் 740 மீட்டர் பலப்படுத்தியாகிவிட்டது, மடைக்கு 14ஆம் தேதி கதவு போட்டாகிவிட்டது, வரத்துக்காலில் தூர்வாருகிறார்கள், பனை விதை அக்டோபர் இரண்டாம் வாரம்.

முதல் வழி, எல்லாவற்றையும் இறந்த காலத்தில் எழுதுவது. அறிக்கையைப் படிப்பவர் எப்படியும் பத்து நாள் கழித்துத்தான் படிப்பார், அதனால் செப்டம்பர் 30இல் நின்று பேசுவதுதான் நேர்மை என்பது இதன் வாதம். இப்படி வரும்:

"செப்டம்பர் 30 அன்று கரையில் 740 மீட்டர் முடிந்திருந்தது. வரத்துக்காலில் தூர்வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. பனை விதை நடுவது அக்டோபர் இரண்டாம் வாரம் தொடங்க இருந்தது."

முதல் வாக்கியம் பரவாயில்லை. இரண்டாவதைப் படித்ததும் "அப்புறம் என்ன ஆச்சு, நின்றுபோச்சா?" என்று கேட்கத் தோன்றும். மூன்றாவது மோசம். "வர இருந்தார்" என்றாலே வரவில்லை என்றுதான் தமிழில் காதில் விழும். திட்டத்தைச் சொல்லப்போய், கைவிட்டதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே காலம் என்ற ஒழுங்குக்காக இந்த விலை கொடுக்கத் தேவையில்லை. திட்டம் எல்லாம் முடிந்தபிறகு எழுதுகிற இறுதி அறிக்கைக்கு மட்டும் இது நன்றாகப் பொருந்தும், அங்கே மிச்சம் என்று எதுவும் இல்லையே.

இரண்டாவது வழி, வினைமுற்றே இல்லாமல் எழுதுவது. அலுவலகங்களில் இதுதான் அதிகம்:

"கரை பலப்படுத்துதல்: 740 மீட்டர். மடைக் கதவு பொருத்தும் பணி: செப்டம்பர் 14. வரத்துக்கால் தூர்வாருதல்: நடப்பில். பனை விதை நடவு: அக்டோபர்."

பார்க்க சுத்தமாக இருக்கிறது, காலம் மாறிப்போகும் என்ற பயமே கிடையாது, ஏனென்றால் காலமே கிடையாது. சிக்கலும் அதுதான். செப்டம்பர் 14இல் கதவு போடத் தொடங்கினார்களா, முடித்தார்களா? 740 மீட்டர் என்பது முடித்ததா, இந்த மாத இலக்கா? "பொருத்தும் பணி" என்பது மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். "நடப்பில்" என்ற சொல் இன்னும் வசதியானது, ஆள் வராமல் மூன்று வாரமாக நின்றுபோன வேலையையும் அதற்குள் ஒளித்துவைக்கலாம் (வைத்திருக்கிறார்கள், நானும் ஒருமுறை வைத்திருக்கிறேன்). முடிந்தது, மீதி, முடிக்கும் தேதி என்று தனித்தனிப் பத்தி போட்ட அட்டவணையில் இந்த நடை சரி, அங்கே காலத்தைப் பத்தித் தலைப்பு சொல்லிவிடும். விளக்கம் எழுதுகிற இடத்தில் வேண்டாம்.

மூன்றாவது வழியில்தான் நான் இப்போது இருக்கிறேன். அறிக்கையின் முதல் வரியில் "செப்டம்பர் 30 நிலவரப்படி" என்று போட்டுவிட்டு, ஒவ்வொரு வேலையும் எந்த நிலையில் இருக்கிறதோ அந்தக் காலத்தில் எழுதுவது. ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு வினை வடிவம்தான், அதைக் கடைசிவரை மாற்றக்கூடாது.

"கரையில் 740 மீட்டர் பலப்படுத்தினோம். மீதி 460 மீட்டரை அக்டோபர் 25க்குள் முடிப்போம். மடைக்குச் செப்டம்பர் 14 அன்று கதவு பொருத்தினோம். வரத்துக்காலில் தூர்வாரி வருகிறோம். பனை விதைகளை அக்டோபர் இரண்டாம் வாரம் நடுவோம்."

கரையைப் பற்றி அடுத்தடுத்த இரண்டு வாக்கியத்தில் இரண்டு காலம் வருகிறதே, அது ஒழுங்கு இல்லையே என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். வேலை பாதியில் இருக்கும்போது காலமும் மாறத்தான் வேண்டும். மாறக்கூடாதது வேறு: முடிந்த வேலையை ஓரிடத்தில் "பலப்படுத்தினோம்" என்றும், இன்னோரிடத்தில் "பலப்படுத்தியுள்ளோம்" என்றும், மூன்றாவது இடத்தில் "பலப்படுத்தப்பட்டது" என்றும் எழுதினால், படிப்பவர் இந்த மூன்றுக்கும் ஏதோ அர்த்த வேறுபாடு இருக்கிறது என்று தேடுவார்.

"உள்ளோம்", "உள்ளது" இரண்டையும் வினையோடு சேர்ப்பதை மொத்தமாக விட்டுவிட்டேன். "முடித்து" என்ற எச்சத்தோடு சேர்ந்தால் முடிந்த வேலை, "முடிக்க" என்பதோடு சேர்ந்தால் வரப்போகிற வேலை, ஒரே வால் இரண்டு மாட்டுக்கு. எழுதி முடித்தபின் கணினியில் "உள்ள" என்று தேடினால் எல்லாம் அகப்படாது, "நட்டுள்ளோம்" என்பதில் உகரம் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். "ள்ள" என்று தேடுங்கள், கொள்ள, பள்ளம் எல்லாம் கூடவே வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. எதிர்கால வினை தமிழில் வழக்கத்தையும் சொல்லும். "மகளிர் குழு வாரம் இருமுறை கரையைச் சுற்றிப் பார்க்கும்" என்றால் இப்போதே பார்க்கிறார்களா, இனிமேலா? ஏற்கெனவே நடந்தால் "பார்த்து வருகிறது", திட்டம் என்றால் "அக்டோபர் முதல் பார்க்கும்". ஆக எதிர்கால வாக்கியம் எதுவும் தேதி இல்லாமல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். தேதி போட முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது திட்டமே இல்லை, ஆசை.

"வருகிறோம்" என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த நிமிஷம் ஆள் இறங்கி வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டு நடந்தாலும் பொருந்தும், மாத அறிக்கைக்கு "கொண்டிருக்கிறோம்" என்பதைவிட அது தோதானதும் அதனால்தான். ஆனால் நின்றுபோன வேலைக்கு அது பொய். கலுங்கைப் பூச வந்த கொத்தனார் செப்டம்பர் 9க்கு அப்புறம் வரவில்லை என்றால், "செப்டம்பர் 9 முதல் நின்றிருக்கிறது" என்று எழுதுவேன்.

இந்த "வரவில்லை" இன்னொரு வில்லங்கம். அந்த வடிவத்தில் காலமே கிடையாது. "சிமென்ட் வரவில்லை" என்றால் அன்று வரவில்லையா, இன்றுவரை வரவில்லையா? முன்னால் "செப்டம்பர் 30 வரை" என்று சேர்த்தால்தான் தெளியும். போன மாத அறிக்கையைப் பிரதி எடுத்து இந்த மாதத்துக்குத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இல்லைகளைத்தான். நடுவோம் என்பதை நட்டோம் ஆக்க எப்படியாவது நினைவு வந்துவிடும், சிமென்ட் மட்டும் குடோனுக்கு வந்து இறங்கிய பிறகும் அறிக்கையில் வராமலே இருக்கும்.