பங்கா, கால் ஆப்ஷனா: எது விலை கூடியதாக இருக்க முடியும்?

பாரிமுனைத் தரகர் அலுவலகம் ஒன்றில் இருவருக்கும் 500 ரூபாய்ப் பங்கு ஒன்றின் மீது கண் என்று கொள்வோம். ஒருவர் பங்கையே வாங்குகிறார். மற்றவர் மூன்று மாதம் கழித்து அதை 450 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை, அதாவது கால் ஆப்ஷனை, வாங்குகிறார். முதலாமவரிடம் பங்கு ஏற்கெனவே இருக்கிறது; இரண்டாமவர் அதைப் பெற இன்னும் 450 ரூபாய் கட்ட வேண்டும், இடையில் வரும் ஈவுத்தொகையும் அவருக்குக் கிடையாது.

இருந்தும் கால் ஆப்ஷன் 510 ரூபாய்க்கு விலைபோகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்று, அந்தப் பணத்தில் பங்கை வாங்கி வைத்தால் 10 ரூபாய் அன்றே மிச்சம். முதிர்வு நாளில் பங்கு 700 ஆனால் அதை ஒப்படைத்து 450 பெறலாம். 300 ஆனால் உரிமையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், பங்கு நம்மிடமே தங்கும். எந்தப் பக்கம் போனாலும் நமக்கு வரவுதான். இதைக் கண்டவர்கள் விற்கத் தொடங்கியதும் கால் ஆப்ஷனின் விலை 500-க்குக் கீழே இறங்கிவிடும்.

திரையில் கால் ஆப்ஷனின் விலை பங்கின் விலையைத் தாண்டியதுபோல் தெரிந்தால், பெரும்பாலும் அது எப்போதோ நடந்த கடைசி வர்த்தகத்தின் விலையே. ஆப்ஷனை வாங்க நிற்பவர் கேட்கும் விலையையும் பங்கை விற்க நிற்பவர் சொல்லும் விலையையும், தரகும் வரியும் கழித்து, ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டும்.