பட்டறைக் குறிப்புகளிலிருந்து இடர் பதிவேடு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மென்பொருள் மாற்றத் திட்டங்களில் எவை தவறிப்போகலாம் என்று பட்டியலிடும் இடர் பதிவேட்டை மூன்று ஆண்டுகளாக ஒரு சாதாரண விரிதாளிலேயே பராமரித்து வருகிறேன். முதல் ஆண்டில், பட்டறையில் ஒட்டுத்தாள்களில் எழுதப்பட்டவற்றை அப்படியே வரிசைகளாக நகலெடுத்தேன். அந்தப் பதிவேட்டை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

ஒரு பட்டறையில் "பழைய தரவு", "தேதிக் குழப்பம்", "வெளியீடு தள்ளிப்போகும்" என்று மூன்று தாள்கள் வந்தன. நான் அவற்றை மூன்று இடர்களாகப் பதிந்திருந்தேன். எழுதியவர்களிடம் கேட்ட பிறகுதான், அவை ஒரே இடரின் காரணம், நிகழ்வு, விளைவு ஆகியவற்றைச் சொல்லும் துண்டுகள் என்பது தெரிந்தது. இப்போது அது ஒரே வாக்கியமாக இருக்கிறது: "பழைய அமைப்பில் தேதிகள் இரண்டு வடிவங்களில் இருப்பதால், புதிய அமைப்புக்குத் தரவை இடமாற்றும்போது வாடிக்கையாளர் பதிவுகளில் ஒரு பகுதி நிராகரிக்கப்படலாம், அதனால் வெளியீடு இரண்டு வாரம் தாமதமாகலாம்." இதில் ஐயத்துக்குரியது நிராகரிப்பு மட்டுமே. அது ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால் அதை இடர் என்று சொல்ல முடியாது; சிக்கல்களுக்கான தனிப் பட்டியலுக்குத்தான் அது போக வேண்டும்.

நிகழ்வாய்ப்பை 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னபோது பெரும்பாலோர் 2 என்றனர், தரவுத்தளத்தைக் கவனிப்பவர் மட்டும் 5 என்றார். சராசரி எடுத்திருந்தால் அவர் அறிந்தது மறைந்துபோயிருக்கும். காரணம் கேட்டபோது, பல ஆண்டுப் பதிவுகள் கையால் உள்ளிடப்பட்டவை என்றார். அதன்பின் அனைவரும் 4 என்று ஒப்புக்கொண்டனர். தாக்கத்தில், பத்து வேலைநாள் தாமதம் என்றால் 4 என்று முன்பே வரையறுத்திருந்தோம். நிகழ்வாய்ப்பு, தாக்கம் இரண்டின் பெருக்குத்தொகை 16. ஆனால் 1×5, 5×1 இரண்டும் 5 என்றே வருவதால், அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி முன்னுரிமை தருவதை நான் விட்டுவிட்டேன்.

தணிப்பு நடவடிக்கையில்தான் நீண்ட காலம் தவறு செய்தேன். ஏதாவது ஒரு நடவடிக்கையை எழுதியதும் இரண்டு எண்களையும் குறைத்துவிடுவேன். ஆயிரம் பதிவுகளை வைத்து முன்கூட்டியே ஒத்திகை இடமாற்றம் செய்து, கிடைக்கும் பிழைகளைத் திருத்தினால் நிகழ்வாய்ப்பு 2 ஆகக் குறையலாம். நிராகரிப்பு நேர்ந்துவிட்டால் தாமதம் அதே இரண்டு வாரம்தான். ஆகவே மீதமுள்ள மதிப்பு 8, நான் எழுதிவந்ததுபோல் 4 அன்று. தாக்கத்தைக் குறைக்க, நிராகரிக்கப்பட்ட பதிவுகளை மட்டும் பழைய அமைப்பில் வைத்துக்கொண்டு மற்றவற்றுடன் வெளியிடுவது போன்ற வேறொரு நடவடிக்கை வேண்டும்.

பொறுப்பாளர் கட்டத்தில் "தொழில்நுட்பக் குழு" என்று எழுதியிருந்த வரிசைகளில் ஒன்றுகூட நகரவில்லை. இப்போது ஒரே ஒருவரின் பெயரை, அவர் பட்டறைக்கு நேரில் வந்து ஒப்புக்கொண்ட பின்னரே எழுதுகிறேன். வேலையைச் செய்பவர் வேறொருவராக இருக்கலாம். ஆள், நாள், பணம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். ஒத்திகைக்கு இரண்டு நாள் ஒதுக்க அதிகாரமில்லாத இளநிலைப் பொறியாளரின் பெயரை முதலில் எழுதியிருந்ததால்தான், இரண்டு மறுஆய்வுகளிலும் 16 என்ற எண் மாறாமல் நின்றது. மேலாளர் பெயருக்கு மாற்றிய அடுத்த வாரமே ஒத்திகை நடந்தது.