கூட்டல் கழித்தலில் புலி, தேதி படிப்பதில் கோட்டைவிடும்: என் ஸ்ப்ரெட்ஷீட்டோடு ஆறு வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற ஸ்ப்ரெட்ஷீட் செயலிக்குக் காசு கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான், அதை நம்பி அனுப்பிய ஒரு அறிக்கையைத் திருத்தி மறுபடி அனுப்பியிருந்தேன்.

சரக்கு புறப்பட்டு எத்தனை நாளில் வந்து சேர்ந்தது என்று பார்ப்பது என் வேலை. புறப்பாட்டுப் பதிவு அமெரிக்காவிலிருந்து வரும். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். வரவுப் பதிவு எங்கள் கிடங்கினுடையது. நாங்கள் நாளை முதலில் எழுதுவோம். என் கணினியின் அமைப்பும் நாள் முதலில்தான். சிஎஸ்வி கோப்பை இரண்டு முறை தட்டினால் செயலி எதையும் கேட்காமல் திறந்து, தேதிகளைத் தன் இஷ்டத்துக்குப் படித்துவிடும். ஆறு வருடமாக எனக்கு இதுதான் எரிச்சல்.

ஒரு வரியை மட்டும் பாருங்கள். புறப்பாடு 09/06/2024, அதாவது செப்டம்பர் 6. வரவு 02/10/2024, அக்டோபர் 2. உண்மையில் 26 நாள். ஆனால் செயலி முதல் தேதியை ஜூன் 9 என்று எடுத்துக்கொண்டு 115 என்று காட்டியது. அதன் கணக்கில் குறையே இல்லை. உள்ளுக்குள் ஒவ்வொரு தேதியும் ஒரு வரிசை எண்தான்: அக்டோபர் 2 என்றால் 45567, ஜூன் 9 என்றால் 45452. கழித்தது சரி, கழித்த எண்தான் தப்பு.

115 நாள் என்றால் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். நாளுக்கும் மாதத்துக்கும் ஒன்றுதான் வித்தியாசம் என்றால், உதாரணமாக 09/08, பிழை ஏறக்குறைய ஒரு மாதம்தான். 26 நாள் பயணம் 50 சொச்சமாகும். துறைமுகத்தில் நெரிசல் போல என்று நாமே காரணம் கண்டுபிடித்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 09/20/2024 என்று வந்தால் 20-ஆம் மாதம் கிடையாதே, அதனால் செயலி அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கழித்தால் `#VALUE!` வரும். நான் அந்தச் சிவப்புக் கண்களை எல்லாம் கையால் திருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். கத்தியவை அவை மட்டும்தான். 365 நாள் வருடத்தில் 221 தேதிகள் இப்படிக் கத்தும். 05/05 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாக இருப்பவை 12. மீதி 132 வாயைத் திறக்காமல் தப்பாக உட்கார்ந்திருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்து நிரலில் `=DAY(A2)` போட்டு கீழே இழுங்கள். தேதியாக ஏற்கப்பட்டவற்றில் ஒன்றுகூட 12-ஐத் தாண்டவில்லை என்றால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. பல மாதப் பதிவில் 12-ஆம் தேதிக்கு மேல் யாருமே சரக்கு அனுப்பாமல் இருக்க மாட்டார்கள். புறப்படும் முன்பே வந்து சேர்ந்ததாகக் கழித்தல் குறியோடு சில வரிகள் நிற்பதும் அடையாளம்தான். ஆனால் எல்லாக் கோப்பிலும் அது இருக்காது.

கோப்பை ஏற்கெனவே திறந்து சேமித்துவிட்டால், இப்போது நான் இதைப் புது நிரலில் போடுகிறேன்:

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),LEFT(A2,2),MID(A2,4,2)))
```

மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கமாக இருக்க வேண்டும். திருத்திய நிரல்மேல் மறுபடி ஓட்டினால் திரும்பவும் குழம்பிவிடும். முக்கியமாக, நிரல் முழுக்க ஒரே நாட்டுப் பதிவாக இருக்க வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் 09/06-ஐப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் ஒரு நிரல் இருந்தால்தான் பிழைத்தீர்கள். தொடக்கத்திலேயே தட்டித் திறக்காமல் இறக்குமதி வழியாகப் போய், அந்த நிரலுக்கு MDY என்று சொல்லிவிட்டால் இந்தப் பாடே இல்லை. அனுப்புகிறவர் 2024-09-06 என்று எழுதினால் அதுகூடத் தேவையில்லை. கேட்டுப் பார்த்தேன். அடுத்த மாதமும் 10/04 என்றுதான் வந்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். லீப் வருடத்தில் ஒரு நாள்கூட அது தவறவிட்டதில்லை. லட்சம் வரிகள் உள்ள கோப்பையும் முனகாமல் திறக்கும். தேதியை நம் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் பிசகாது.

இவ்வளவும் யோசித்த பிறகும் நண்பரிடம் "வேண்டாம்யா" என்றுதான் சொன்னேன். என் சந்தா இந்த மாதம் முடிகிறது. புதுப்பித்துவிட்டேன்.